ரிமோட்டுக்கு மசியாத பிஎல்டிசி மின்விசிறி: பழுது ரிசீவரிலா, கெப்பாசிட்டரிலா, டிரைவரிலா?

இந்தியாவில் விற்கப்படும் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. அதையொட்டி பிஎல்டிசி எனப்படும், கார்பன் பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார் கொண்ட விசிறிகள் வீடுகளுக்குள் வேகமாக வந்தன. பழைய விசிறி 75 வாட் இழுத்த இடத்தில் இவை 30 வாட் அளவில் ஓடுகின்றன. அப்போது வாங்கியவை பலவற்றுக்கு இப்போது உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. கூடவே இரண்டு புகார்கள் கிளம்பியிருக்கின்றன: "ரிமோட்டை அழுத்தினால் கேட்பதில்லை", "ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது."

பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர், அதாவது கெப்பாசிட்டர், ஒன்றை மாற்றினால் வேலை முடிந்தது. அந்த வகைக் கண்டென்சர் இதில் இல்லை. அடுத்து எல்லோரும் செய்வது புது ரிமோட் வாங்குவது. இது பல நேரம் வீண் செலவு. ஏனென்றால் ரிமோட் கேட்காதது போலத் தோன்றும் கோளாறுகளில் பல ரிமோட்டுக்கும் அதன் ரிசீவருக்கும் சம்பந்தமே இல்லாதவை.

## உள்ளே என்ன இருக்கிறது

மோட்டாருக்கு அடியிலோ மேலேயோ உள்ள மூடிக்குள் வட்டமான ஒரு போர்டு இருக்கும். அதன் வேலையை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. மின்வழங்கி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி. டயோடுகளைத் தாண்டியதும் அது ஏறக்குறைய 325 வோல்ட்டாக முதல் கெப்பாசிட்டரில் நிற்கும். பல விசிறிகளில் அங்கிருந்து 24 வோல்ட்டாகக் குறைக்கப்பட்டு மோட்டாருக்குப் போகிறது. வேறு சிலவற்றில் அந்த 325 வோல்ட்டே நேராக மோட்டாருக்குப் போகிறது. இரண்டு வகையிலும், விசிறியின் மூளையான கட்டுப்பாட்டுச் சில்லுக்கென்று 5 அல்லது 3.3 வோல்ட் தனியாக எடுக்கப்படும்.

2. கட்டுப்பாட்டுச் சில்லும் ரிசீவரும். ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியை வாங்கும் மூன்று கால் உறுப்புதான் ரிசீவர். அது வாங்கியதைச் சில்லு படித்து, எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும்.

3. டிரைவர். மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணு சுவிட்சுகள் ஆறு, அல்லது அந்த ஆறும் சேர்ந்த ஒரே சில்லு. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளிலும் மாறி மாறி மின்சாரத்தைத் திறந்து மூடுவது இவற்றின் வேலை.

ரிசீவருக்குத் தனி உயிர் கிடையாது. மின்வழங்கி தரும் அந்தச் சின்ன மின்னழுத்தத்தில்தான் அது பிழைக்கிறது. மின்வழங்கி தளர்ந்தால் முதலில் குழம்புவது மூளையும் ரிசீவரும்தான். அதனால்தான் கெப்பாசிட்டரில் உள்ள நோய் ரிமோட் கோளாறாக வெளியே தெரிகிறது.

## ஏணி எடுக்கும் முன்

விசிறியைக் கழற்றாமலே பழுது எந்தப் பகுதியில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு முன் பழுதே அல்லாத இரண்டு விஷயங்களை ஒதுக்கிவிட வேண்டும். விசிறி நடு இரவில் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நிற்கிறது என்றால், ரிமோட்டில் உள்ள டைமர் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது, சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டர். பிஎல்டிசி விசிறிக்கு ரெகுலேட்டர் வழியாக மின்சாரம் போகவே கூடாது. அதை மின்சுற்றிலிருந்து நீக்காமல் "முழு வேகத்தில் வைத்திருக்கிறேனே" என்பவர்கள் உண்டு. வீட்டில் யாராவது ஒருநாள் திருப்பிவிடுவார்கள், விசிறி திணறத் தொடங்கும்.

இவை இல்லையென்றால் சுவர் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான மாடல்கள் மின்சாரம் வந்ததும் "பீப்" என்று ஒலிக்கும் அல்லது சின்ன விளக்கைக் காட்டும். கடைசியாக இருந்த வேகத்திலோ, மாடலுக்கென்று வைத்த ஒரு வேகத்திலோ தானாக ஓடத் தொடங்கும்.

1. ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை, அசைவும் இல்லை: மின்வழங்கி இறந்திருக்கிறது. ரிமோட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

2. சுவிட்சைப் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது, நேரம் போனாலும் நிற்பதில்லை, ரிமோட் மட்டும் எடுபடவில்லை: ரிமோட் அல்லது ரிசீவர்.

3. ஒலி வருகிறது, இறக்கை முன்னும் பின்னும் துடிக்கிறது, சுற்றாமல் கைவிட்டு மறுபடி முயல்கிறது: டிரைவர் அல்லது மோட்டாரின் கம்பிச் சுற்று.

4. குறைந்த வேகத்தில் நன்றாக ஓடுகிறது, அதிக வேகத்தில் வைத்தால் சற்று நேரத்தில் நின்று மறுபடி தொடங்குகிறது: மின்வழங்கியில் கெப்பாசிட்டர்.

மூன்றாவதில் ஒரு சிறு எச்சரிக்கை. இந்த மோட்டார்களில் பெரும்பாலானவற்றில் சுழலியின் இடத்தைக் காட்டும் உணரி கிடையாது. அதனால் தொடங்கும்போது காந்தத்தை ஓரிடத்தில் இழுத்து நிறுத்திவிட்டுத்தான் ஓட்டம் பிடிக்கும். ஒருமுறை லேசாகப் பின்னோக்கி அசைவது இயல்பே. அசைந்துவிட்டுச் சுற்ற முடியாமல் நிற்பதுதான் பழுது.

நான்காவதற்குக் காரணம் எளிது. காற்றைத் தள்ளத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அரை வேகத்தில் ஓடும் விசிறிக்கு, முழு வேகத்துக்கு வேண்டியதில் எட்டில் ஒரு பங்குதான் தேவை. தளர்ந்த மின்வழங்கி அந்த எட்டில் ஒரு பங்கைச் சமாளித்துவிடும், முழுச் சுமையில் விழுந்துவிடும். மாறாக, ஒரு மாஸ்ஃபெட் போய்விட்டால் வேகம் 1 என்றாலும் 5 என்றாலும் ஒரே தகராறுதான். கெப்பாசிட்டரையும் டிரைவரையும் பிரித்தறிய இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் போதும்.

## ரிமோட்டும் ரிசீவரும்

ரிமோட்டைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. கைபேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைப் பார்த்தபடி பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி கேமராவில் ஊதா அல்லது வெண்மையாக மினுங்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கத்தில் பாருங்கள். சில கைபேசிகளின் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடுகிறது. தொலைக்காட்சி ரிமோட்டில் மினுங்கல் தெரிந்து, விசிறி ரிமோட்டில் தெரியவில்லை என்றால் பழுது கையிலேயே இருக்கிறது. பேட்டரி, துருப்பிடித்த ஸ்பிரிங், உள்ளே போன வியர்வை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ரேடியோ அலையில் இயங்கும் ரிமோட்டுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. எந்தப் பக்கம் காட்டி அழுத்தினாலும் வேலை செய்யும் ரிமோட் என்றால் அது பெரும்பாலும் ரேடியோ வகை. அவற்றில் சில மாடல்களை விசிறியோடு மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். கையேட்டில் முறை இருக்கும்.

மினுங்குகிறது, விசிறி கேட்கவில்லை என்றால் ரிசீவரின் பக்கம் போகலாம். அங்கும் முதலில் கழற்ற வேண்டியதில்லை. அறையின் எல்இடி விளக்குகளை அணைத்துவிட்டு முயன்று பாருங்கள். ரிசீவர் 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்புள்ள ஒளிக்குத்தான் செவிசாய்க்கும். மட்டமான விளக்கின் இரைச்சல் அருகில் இருந்தால் அது தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். விளக்கை அணைத்ததும் ரிமோட் வேலை செய்தால் மாற்ற வேண்டியது விளக்கைத்தான். ரிசீவரின் முன்னால் உள்ள கறுப்புக் கண்ணாடியில் படிந்த சமையலறை எண்ணெய்ப் புகையும் இதே வேலையைச் செய்யும்.

திறந்து பார்க்கும் நிலை வந்தால் மல்டிமீட்டர் தெளிவாகச் சொல்லிவிடும். ரிசீவரின் மின்வழங்கு காலில் 5 அல்லது 3.3 வோல்ட் அசையாமல் நிற்க வேண்டும். வெளியீட்டுக் காலில் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய அதே அளவு இருக்கும். ரிமோட்டை அழுத்தும்போது அது சற்றுக் கீழே இறங்கித் துள்ள வேண்டும். மின்வழங்கு சரி, துள்ளல் இல்லை என்றால் ரிசீவர் போய்விட்டது. துள்ளுகிறது, ஆனால் விசிறி அசையவில்லை என்றால் ரிசீவர் தன் வேலையைச் செய்துவிட்டது. மூளை ரிமோட்டின் குறியீட்டை ஏற்கவில்லை, அல்லது மூளையே உறைந்திருக்கிறது. வேறு மாடலின் ரிமோட்டை வாங்கி வந்தவர்களுக்கு இதுதான் நடக்கும்.

ரிசீவர் மலிவான உறுப்பு. மாற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது. 1738 என்ற எண் கொண்ட வகையில் கால்களின் வரிசை தரை, மின்வழங்கு, வெளியீடு. 1838 என்ற எண்ணுள்ள வகையில் வெளியீடு, தரை, மின்வழங்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வரிசை பார்க்காமல் பற்றவைத்தால் புது ரிசீவர் நொடியில் சூடாகிவிடும்.

## உப்பிய கெப்பாசிட்டர்

பிஎல்டிசி விசிறியில் எது முதலில் சாகும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், மின்வழங்கியில் உள்ள உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மேல் கட்டுவேன். அதன் உள்ளே ஈரமான வேதிக் கரைசல் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல ஆவியாகும், அகத்தடை ஏறும், அகத்தடை ஏறினால் உள்ளுக்குள்ளேயே இன்னும் வெப்பம் உண்டாகும். கடைசியில் வாயு அழுத்தி, தலையில் கீறி வைத்திருக்கும் கோடு வழியாக உப்பும் அல்லது பிளக்கும்.

ஆயுளைக் கணக்கிட ஒரு பொது விதி உண்டு. உறையில் 105 டிகிரி என்றும், தயாரிப்பாளரின் தாளில் 2,000 மணி நேரம் என்றும் இருந்தால், வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும். மோட்டாரின் சூட்டோடு மூடிக்குள் அடைந்து கிடக்கும் போர்டில் கெப்பாசிட்டர் 75 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி குறைவு, ஆகவே எட்டு மடங்கு: 16,000 மணி நேரம். நாளுக்கு 18 மணி நேரம் ஓடும் நம் ஊர் விசிறிக்கு இது ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. போர்டு 65 டிகிரியில் இருந்தால் ஐந்து ஆண்டு. அதே இடத்தில் 85 டிகிரி என்று அச்சிட்ட மட்டமான ரகத்தைப் போட்டிருந்தால், 65 டிகிரியில்கூட 8,000 மணி நேரம்தான், அதாவது ஒன்றே கால் ஆண்டு. இரண்டு ஆண்டு உத்தரவாதம் முடிந்த கோடையில் விசிறி படுப்பதைப் பலர் சதி என்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கே போதுமானதாகத் தோன்றுகிறது.

தலை தட்டையாக இருக்கிறது என்பதற்காக கெப்பாசிட்டரை நல்லது என்று விட்டுவிடக் கூடாது. உப்பாமலே காய்ந்துபோனவை நிறைய. சிலவற்றில் அடியில் உள்ள ரப்பர் வெளியே தள்ளியிருக்கும், மேலே எதுவும் தெரியாது. இன்னொன்று, மின்வழங்கிச் சில்லின் பக்கத்தில் 10 அல்லது 22 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு பொடி கெப்பாசிட்டர் நிற்கும். அது காய்ந்துவிட்டால் மின்வழங்கி எழ முயன்று எழ முயன்று விழும். விளக்கு மின்னி மின்னி அணையும். அணைத்து வைத்த விசிறி காலையில் எழ மறுத்து, சுவிட்சைப் பலமுறை போட்டு எடுத்ததும் ஓடுகிறது என்றால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இதில்தான் ரிமோட் குழப்பமும் வந்து சேர்கிறது. கெப்பாசிட்டர் தளர்ந்தால் மூளைக்குப் போகும் மின்னழுத்தம் அலை அலையாக ஆடும். ரிசீவருக்கு அது இரைச்சல். மூன்று மீட்டரில் கேட்டுக்கொண்டிருந்தது அரை மீட்டரில் மட்டும் கேட்கும். ஓடாமல் நிற்கும்போது கேட்பது, ஓடும்போது கேட்காது. "நின்றால் ரிமோட் வேலை செய்கிறது, சுற்றினால் செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் ரிசீவரை விட்டுவிட்டு கெப்பாசிட்டரைப் பாருங்கள்.

## டிரைவர்: கையாலேயே கண்டுபிடிக்கலாம்

மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிவிடுங்கள். நல்ல விசிறி மெதுவாக, தாராளமாகச் சுற்றி நிற்கும். மாஸ்ஃபெட் குறுக்காகி, அதாவது ஷார்ட் ஆகிப் போயிருந்தால், சுழலும் காந்தம் உண்டாக்கும் மின்சாரம் அந்தக் குறுக்கு வழியே ஓடி மோட்டாரையே பிடித்து நிறுத்தும். கை தள்ளும்போதே படிப் படியாகத் தடை தட்டுப்படும். இப்போது போர்டிலிருந்து மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கழற்றிவிட்டு மறுபடி தள்ளுங்கள். தடை மறைந்தால் குற்றம் போர்டில். மறையாவிட்டால் மோட்டார் சுற்றில் குறுக்கு, அல்லது பேரிங் இறுக்கம்.

கம்பிகள் கழன்றிருக்கும்போதே மோட்டாரின் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக அளந்துவிடலாம். எத்தனை ஓம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். மூன்று அளவும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் திறந்திருந்தால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் போர்டுக்கு வரும் இணைப்பானிலேயே. அப்படியானால் அதிர்ஷ்டம்தான், ஒரு பற்றவைப்பில் முடிந்துவிடும்.

மாஸ்ஃபெட் சாவதற்குப் பெரும்பாலும் வெளிக்காரணம் இருக்கும்: இடி, நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் நெருங்கி வருவது, போர்டுக்குள் புகுந்த பல்லி. நியூட்ரல் அறுந்த வீட்டில் நீல அல்லது மஞ்சள் வில்லை போன்ற மின்னழுத்தக் காப்பான் வெடித்துக் கரியாகியிருக்கும், ஃபியூஸும் போயிருக்கும். அது ஒருவகையில் நல்ல செய்தி. பின்னால் உள்ளவற்றைக் காப்பாற்ற அது தன்னைப் பலி கொடுத்திருக்கக்கூடும்.

## ஒரு விசிறி, படிப்படியாக

கூடத்தில் மூன்று கோடை ஓடிய, 24 வோல்ட் வகை விசிறி ஒன்று. புகார்: "ரிமோட்டில் 5 அழுத்தினால் ஏற்றுக்கொண்டு பிறகு தானாக 3-க்கு வந்துவிடுகிறது." புது ரிமோட் வாங்கியும் அதே கதை.

கேமராவில் இரண்டு ரிமோட்டும் மினுங்கின. சுவிட்சைப் போட்டதும் பீப் ஒலித்தது, விசிறி 3-இல் ஓடியது. 1 முதல் 4 வரை எந்த வேகமும் நின்றது. 5 அழுத்தியதும் வேகம் ஏறியது. சில நொடிகளில் தளர்ந்தது. யாரும் எதையும் தொடாமலே பீப் ஒலித்தது. மறுபடி 3-இல் தொடங்கியது. அந்த பீப்தான் துப்பு. ரிமோட் எதுவும் அனுப்பாதபோது பீப் வருகிறது என்றால் மூளை மின்சாரம் இழந்து புதிதாக விழித்திருக்கிறது.

கழற்றி இறக்கை இல்லாமல் மேசையில் வைத்து ஓட்டியபோது ஐந்து வேகமும் பிழையின்றி ஓடின. பலர் ஏமாறும் இடம் இது: காற்றைத் தள்ளாத மோட்டாருக்குச் சுமையே இல்லை. இறக்கையோடு தொங்கவிட்டு அளந்தபோது, நின்ற நிலையில் 24 வோல்ட். வேகம் 3-இல் 23. வேகம் 5-இல் 16-க்குச் சரிந்து அணைந்தது. 24 வோல்ட் பாதையில் 470 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு இணையாக நின்றன. ஒன்றின் தலை உப்பியிருந்தது. கழற்றி அளந்தால் 90 மைக்ரோஃபாரட்தான் மிச்சம். மற்றது தட்டை, அளவும் 430 காட்டியது. அகத்தடை மீட்டரில் வைத்தபோது அதுவும் 1.8 ஓம், புதியது 0.1-க்குக் கீழ் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இரண்டாவதை உள்ளேயே விட்டிருப்போம். இரண்டையும், மின்வழங்கிச் சில்லருகே இருந்த பொடி கெப்பாசிட்டரையும் சேர்த்து, 105 டிகிரி, குறைந்த அகத்தடை ரகமாக மாற்றியதும் வேகம் 5-இல் மின்னழுத்தம் 23.8 வோல்ட்டில் நின்றது.

## தொடும் முன், வாங்கும் முன்

முதல் கெப்பாசிட்டர் 325 வோல்ட்டைத் தாங்கி நிற்பது, சுவிட்சை அணைத்த பிறகும் சில நேரம் தொடரும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரு கால்களுக்கும் குறுக்கே சில நொடிகள் பிடித்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். திருப்புளியால் குறுக்கிடுவது பழக்கம். போர்டையும் கண்ணையும் சேர்த்துக் கெடுக்கும் பழக்கம். பல போர்டுகளில் 5 வோல்ட் பாதைகூட வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. ஓடும்போது ரிசீவரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். மின்சாரம் ஓடும் நிலையில் அளப்பதை இதில் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். பழுது பார்த்த போர்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைப்பது நல்லது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. பளிச்சென்று நின்றுவிட்டால் உள்ளே இன்னும் குறுக்கு இருக்கிறது.

ரிசீவரும் கெப்பாசிட்டரும் சிறு செலவில் மாற்றத்தக்கவை. மாஸ்ஃபெட் குறுக்காகியிருந்தால் அதை இயக்கும் சில்லும் கூடவே போயிருப்பது வழக்கம் என்பதால், தயாரிப்பாளரின் சேவை மையத்தில் அதே மாடலுக்கான போர்டை வாங்குவதே கணக்குக்குச் சரி. சந்தையில் கிடைக்கும் பொதுப் போர்டுகள் எல்லா மோட்டாருக்கும் பொருந்துவதில்லை. காந்த முனைகளின் எண்ணிக்கை, சுற்றின் தன்மை எல்லாம் மூளையின் மென்பொருளில் எழுதப்பட்டிருக்கும். பொருந்தாத போர்டில் விசிறி அதிரும், ரீங்கரிக்கும், அல்லது மோட்டார் தொட முடியாத அளவு சூடாகும். பொதுப் போர்டைத்தான் போட வேண்டியிருந்தால், வாங்கும் முன் 24 வோல்ட் வகையா 325 வோல்ட் வகையா என்பதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். 24 வோல்ட்டுக்குச் சுற்றிய மோட்டாரில் 325 வோல்ட் போர்டைப் பொருத்தினால் சுற்றே எரிந்துவிடும். பிறகு மாற்ற வேண்டியது விசிறியைத்தான்.